ஒரு நாளில் உடல் எவ்வளவு ஆற்றல் செலவழிக்கிறது? குறியிட்ட நீரால் அளக்கும் முறை, படிப்படியாக

கையில் கட்டிய கடிகாரம் இன்று 2,300 கலோரி செலவானதாகச் சொல்லும். ஜிம்மில் இருக்கும் டிரெட்மில் வேறு ஒரு எண்ணைக் காட்டும். இணையத்தில் உயரமும் எடையும் கொடுத்தால் மூன்றாவது எண் வரும். மூன்றுமே மதிப்பீடுகள்தான், எதுவும் அளவீடு அல்ல. வீட்டில் தூங்கி, வேலைக்குப் போய், வழக்கம்போலச் சாப்பிட்டு நடமாடும் ஒரு மனிதர் நாள் முழுக்கச் செலவழிக்கும் மொத்த ஆற்றலை அளக்க வேண்டுமென்றால், மற்ற எல்லா வழிகளையும் ஒப்பிட்டுச் சரிபார்க்க உலகம் ஏற்றுக்கொண்ட முறை ஒன்றுதான். ஆங்கிலப் பெயர் ‘டபுளி லேபிள்டு வாட்டர்’. இரண்டு அடையாளம் இட்ட நீர் என்று பொருள். இங்கே சுருக்கமாகக் குறியிட்ட நீர் என்றே சொல்கிறேன்.

இதை எப்படிச் செய்கிறார்கள், கணக்கு எப்படிப் போகிறது, எங்கே தவறும், தவறியதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வரிசையாகப் பார்ப்போம். அதற்குப் பிறகு, இந்த முறை வந்ததால் சாப்பாடு, உழைப்பு, வயது பற்றி நாம் நம்பிக்கொண்டிருந்தவற்றில் எவை மாறின என்று பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு 70 கிலோ எடையுள்ள ஒரு ஆணை வைத்துக்கொள்வோம். கடைசிவரை அவருடைய கணக்குதான்.

முதலில் அடிப்படை: ஒரு தொட்டி, இரண்டு வடிகால்

நம் உடம்பில் உள்ள நீரை ஒரு தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொட்டிக்கு இரண்டு வடிகால்கள். ஒன்றின் வழியாக நீர் நீராகவே போகிறது: சிறுநீர், வியர்வை, மூச்சில் கலந்த ஈரம். இன்னொன்றின் வழியாகப் போவது நாம் வெளியே விடும் கார்பன் டை ஆக்சைடு. மூச்சுக்காற்றுக்கும் உடல் நீருக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நேதன் லிஃப்சனும் அவருடன் வேலை செய்தவர்களும் 1949-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அதைப் பற்றியதுதான். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன் அணுக்கள், உடல் நீரில் உள்ள ஆக்சிஜன் அணுக்களோடு இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி இந்த இடமாற்றத்தை மிக வேகமாக நடத்துகிறது.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நீரின் ஹைட்ரஜனுக்கு ஒரு அடையாளம் இட்டால், அது முதல் வடிகால் வழியாக மட்டுமே போகும். ஆக்சிஜனுக்கு அடையாளம் இட்டால், அது இரண்டு வடிகால் வழியாகவும் போகும். எனவே ஆக்சிஜன் அடையாளம் சற்று வேகமாகக் குறையும். இரண்டின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாவது வடிகாலின் அளவு, அதாவது உடல் உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடு. அது தெரிந்துவிட்டால், எரிந்த உணவின் அளவும் செலவான ஆற்றலும் தெரிந்துவிடும்.

லிஃப்சன் குழு 1955-இல் இதை எலிகளிடம் செய்து காட்டியது. ஆனால் மனிதருக்குத் தேவையான அளவு கன ஆக்சிஜன் வாங்க அப்போது ஆன செலவு கட்டுப்படியாகாதது. அணுக்களை எடை வாரியாகப் பிரித்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்கள் நுட்பமாகி, கொஞ்சம் குறியே போதும் என்ற நிலை வந்த பிறகு, 1982-இல் டேல் ஷோலரும் வான் சான்டனும் மனிதரிடம் இந்த முறை சரியாக வேலை செய்வதைக் காட்டினார்கள். எலியிலிருந்து மனிதருக்கு வர 27 ஆண்டுகள் ஆகின.

படி 1: மருந்தளவு

இரண்டு அடையாளங்களும் இயற்கையிலேயே இருப்பவை. ஹைட்ரஜனின் கனமான வடிவம் டியூட்டீரியம், ஆக்சிஜனின் கனமான வடிவம் ஆக்சிஜன்-18. இப்படிப்பட்ட வடிவங்களை ஐசோடோப்பு என்பார்கள். இரண்டுமே கதிர்வீச்சு இல்லாதவை. நாம் தினமும் குடிக்கும் நீரிலும் இருக்கின்றன. அதனால்தான் பிறந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்கூட இதைக் கொடுக்க முடிகிறது.

நம் 70 கிலோ மனிதரின் உடலில் சுமார் 40 கிலோ நீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான அளவு: ஒரு கிலோ உடல் நீருக்கு, 10 சதவீதம் ஆக்சிஜன்-18 உள்ள நீர் 1.8 கிராம், டியூட்டீரியத்தால் ஆன, கிட்டத்தட்டத் தூய்மையான கனநீர் 0.12 கிராம். அவருக்கு 72 கிராமும் 4.8 கிராமும் வரும். கலந்தால் அரை டம்ளர்கூட வராது. சுவை, நிறம், மணம் எல்லாம் சாதாரணத் தண்ணீர்தான்.

இது எவ்வளவு சிறிய சேர்க்கை என்று பாருங்கள். அவருடைய உடல் நீரில் ஏற்கெனவே சுமார் 80 கிராம் ஆக்சிஜன்-18 இருக்கிறது. நாம் சேர்ப்பது 7 கிராம். டியூட்டீரியம் ஏற்கெனவே ஒன்றேகால் கிராமுக்குச் சற்று அதிகமாக இருக்கிறது. அதில் ஒரு கிராம் சேர்க்கிறோம். அதனால் ‘ஏற்கெனவே இருந்தது எவ்வளவு’ என்பதைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளாமல் இந்த வேலையில் ஒரு அடிகூட நகர முடியாது.

செலவு பற்றி ஒரு வார்த்தை. டியூட்டீரியம் மலிவு, விலை முழுக்க ஆக்சிஜன்-18 மீதுதான். புற்றுநோய் கண்டறியும் பெட் ஸ்கேனுக்குத் தேவையான ஃபுளோரின்-18 தயாரிப்பதும் இதே ஆக்சிஜன்-18 நீரிலிருந்துதான். மருத்துவமனைகளின் தேவை கூடும்போது ஆய்வுக்காரர்கள் கைக்கு வருவது குறைகிறது.

படி 2: குடிக்கும் காலை

இரவு உணவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் காலையில் வரச் சொல்வார்கள். குடிப்பதற்கு முன் ஒரு சிறுநீர் மாதிரி. இதுதான் அடிப்படை மாதிரி. இது தொலைந்தால் மற்ற மாதிரிகள் எத்தனை இருந்தாலும் பயனில்லை.

அப்புறம் எடை பார்த்த குப்பியிலிருந்து குடிக்க வேண்டும். இந்த இடத்தில் பொறுமை வேண்டும். குப்பியைக் குடிப்பதற்கு முன்னும் பின்னும் நுட்பமான தராசில் நிறுக்கிறார்கள். குப்பியின் சுவரில் ஒட்டிய துளிகளும் கணக்கில் வர வேண்டும் என்பதால், 50 மில்லி குழாய்த் தண்ணீர் ஊற்றி அலசி, அதையும் குடிக்கச் சொல்கிறார்கள். பிறகு மறுபடி ஒரு முறை. மொத்தம் 77 கிராமில் ஒரு கிராம் மேசையில் சிந்தினால், உடல் நீரின் கணக்கு 1.3 சதவீதம் தப்பும். கடைசி விடையும் அதே அளவு தப்பும். குழந்தைகளிடம் இது பெரிய தலைவலி. வாயோரம் வழிந்ததை எடை பார்த்த டிஷ்யூ காகிதத்தால் துடைத்து, அதைத் திரும்ப நிறுத்து, வழிந்த அளவைக் கழிக்கிறார்கள்.

குறி நீர் உடல் முழுக்கக் கலக்கச் சில மணி நேரம் ஆகும். அதனால் குடித்த நான்கு, ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு மாதிரி எடுக்கிறார்கள். குடித்த பிறகு வரும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். குறி கலப்பதற்கு முன் பையில் சேர்ந்திருந்த பழைய சிறுநீர் அதில் இருக்கும். இதே காரணத்துக்காகத்தான் கடைசி நாளிலும் காலையில் எழுந்ததும் வரும் முதல் சிறுநீரை எடுப்பதில்லை, இரண்டாவதை எடுக்கிறார்கள்.

படி 3: 14 நாள் சும்மா இருப்பது

அவர் வீட்டுக்குப் போய் வழக்கமாக வாழ வேண்டியதுதான். முகமூடி வேண்டாம், கருவி வேண்டாம், கூண்டு போன்ற அறைக்குள் உட்கார வேண்டாம். இந்த முறையின் பலமே இதுதான். 14-ஆம் நாள் திரும்பி வந்து, ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரி கொடுக்கிறார்.

ஏன் 14 நாள்? சீக்கிரம் நிறுத்தினால் இரண்டு குறிகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும், அவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் கருவியின் பிழையில் கரைந்துபோகும். மிகத் தாமதித்தால் இரண்டும் இயற்கை அளவுக்கு அருகே வந்து தேய்ந்துவிடும். நம் மனிதரிடம் ஆக்சிஜன் குறி ஏறத்தாழ 6 நாளில் பாதியாகிறது, டியூட்டீரியம் 7 நாளில். இரண்டு வாரம் என்பது அதற்கு ஏற்ற இடைவெளி. நீர் வேகமாகப் புரளும் சிறு குழந்தைகளுக்கும் கடுமையாக ஓடும் வீரர்களுக்கும் ஒரு வாரம் போதும். மெதுவாகப் புரளும் முதியவர்களுக்கு இன்னும் நீட்டலாம்.

படி 4: கருவி

மாதிரிகள் ஐசோடோப்பு விகித மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குப் போகின்றன. இப்போது லேசர் வகைக் கருவிகளும் வந்திருக்கின்றன. ஒருவருடைய மாதிரிகள் அனைத்தையும் ஒரே தொகுதியில், ஒரே நாளில் ஓட்டுவது நல்லது. கருவி அன்று சற்று நகர்ந்திருந்தால் எல்லா மாதிரிகளும் ஒரே பக்கமாக நகரும், வித்தியாசம் அப்படியே இருக்கும்.

அதற்கு முன் மாதிரிக் குப்பியின் மூடி. இதைச் சிறிய விஷயமாக நினைத்தால் பெரிய விலை கொடுக்க வேண்டும். மூடி தளர்ந்தால் நீர் ஆவியாகும். இலேசான நீர் முதலில் போக, குப்பியில் கனமான ஐசோடோப்பு விகிதம் கூடும். குறி நீர் தயாரித்த மேசையிலேயே சிறுநீர்க் குப்பியைத் திறந்தாலும் ஆபத்துதான், ஒரு சிறு துளி மாசு போதும். குறி நீருக்கு ஒரு அறை, மாதிரிக்கு வேறு அறை என்று பிரித்து வைப்பது அதனால்தான்.

படி 5: கணக்கு

கருவி தரும் எண்களிலிருந்து அடிப்படை மாதிரியின் அளவைக் கழித்தால், ‘கூடுதல்’ மட்டும் மிஞ்சும். நம் மனிதருக்கு, பத்து லட்சத்தில் எத்தனை என்ற அளவில்:

ஆக்சிஜன்-18 ஆரம்பத்தில் 177, 14-ஆம் நாள் 33.
டியூட்டீரியம் ஆரம்பத்தில் 103.5, 14-ஆம் நாள் 27.

இரண்டிலும் ஒரு நாளில் எத்தனை பங்கு குறைகிறது என்று காண்கிறோம். கீழே `ln` என்பது இயல் மடக்கை, `kO` ஆக்சிஜன் வெளியேறும் வேகம், `kD` டியூட்டீரியம் வெளியேறும் வேகம்.

```
kO = ln(177 / 33) / 14   = 0.120
kD = ln(103.5 / 27) / 14 = 0.096
```

ஒரு நாளில் ஆக்சிஜன் குறி 12 சதவீத வேகத்தில் போகிறது, டியூட்டீரியம் 9.6 சதவீத வேகத்தில். இடையில் இருக்கும் அந்த 2.4-இல்தான் மூச்சு முழுக்க ஒளிந்திருக்கிறது.

உடல் நீரின் அளவும் வேண்டும். கொடுத்த குறி எவ்வளவு, அது எவ்வளவு நீர்த்துப்போனது என்பதை வைத்து அதே மாதிரிகளிலிருந்தே அது கிடைத்துவிடுகிறது: 40 கிலோ, அதாவது 2,220 மோல். 2021-இல் ஜான் ஸ்பீக்மேனும் பல நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து பொதுவாகப் பரிந்துரைத்த சமன்பாடு இது. `rCO2` உடல் ஒரு நாளில் உண்டாக்கும் கார்பன் டை ஆக்சைடு, `N` உடல் நீர் எத்தனை மோல் என்பது, 22.26 என்பது ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு எத்தனை லிட்டர் என்பது:

```
rCO2 = 0.4554 × N × (1.007·kO − 1.043·kD)
     = 0.4554 × 2220 × (0.1208 − 0.1001)
     ≈ 20.9 mol/day
20.9 × 22.26 ≈ 466 L/day
```

நடுவில் உள்ள 1.007, 1.043 எதற்கு? குறிகள் உடல் நீரில் மட்டும் நிற்பதில்லை. டியூட்டீரியம் புரதம் போன்றவற்றின் ஹைட்ரஜனோடும் கொஞ்சம் இடம் மாறிக்கொள்கிறது. அதனால் அது பார்க்கும் ‘தொட்டி’ சற்றுப் பெரிதாகத் தெரியும். 0.4554 என்பதன் வேர் ஒன்றின் பாதி. ஒவ்வொரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் இரண்டு ஆக்சிஜனைத் தூக்கிப் போவதால் இரண்டால் வகுக்க வேண்டும். நீராவியாகப் போகும்போது கனமான மூலக்கூறு சற்றுப் பின்தங்குவதற்கான திருத்தம் அந்தப் பாதியை 0.4554 ஆக்குகிறது.

கடைசியாக, 466 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை ஆற்றலாக மாற்ற வேண்டும். மாவுச்சத்து எரியும்போது எவ்வளவு ஆக்சிஜன் உள்ளே போகிறதோ அவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே வரும், விகிதம் 1. கொழுப்புக்கு அது சுமார் 0.71. சாப்பிடும் உணவின் கலவையைப் பொறுத்து இந்த விகிதம் அமையும். 0.86 என்று வைத்தால், வெளிவரும் ஒவ்வொரு லிட்டருக்கும் 5.69 கிலோகலோரி. நாம் பேச்சில் கலோரி என்று சொல்வதும் இந்தக் கிலோகலோரியைத்தான். 466-ஐப் பெருக்கினால் நாளுக்கு ஏறத்தாழ 2,650 கிலோகலோரி. இதுதான் விடை.

சோறு நிறையச் சாப்பிடும் ஒருவருக்கு அதே விகிதம் 0.90 ஆக இருக்கலாம். அப்போது அதே 466 லிட்டருக்கு விடை சுமார் 2,560 ஆகிவிடும். மேலை நாட்டு உணவுக்கான எண்ணை நம்மூர் ஆட்களுக்கு அப்படியே போடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

படி 6: விடையை நம்பலாமா?

இந்தக் கணக்கின் நோஞ்சான் இடம், இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுப்பது. ஆக்சிஜன் வேகத்தில் ஒரே ஒரு சதவீதம் பிழை வந்தால் விடையில் கிட்டத்தட்ட 6 சதவீதம் பிழை வரும். டியூட்டீரியத்தில் ஒரு சதவீதம் என்றால் 5 சதவீதம். ஆனால் இரண்டும் ஒரே பக்கமாக ஒரு சதவீதம் தவறினால், விடையில் ஒரு சதவீதம்தான் தவறும். இரண்டு குறியையும் ஒரே மாதிரியில், ஒரே தொகுதியில் அளக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது இதற்காகத்தான்.

நல்ல ஆய்வகம் முதலில் இரண்டு எண்களைப் பார்க்கும். ஒன்று, டியூட்டீரியம் காட்டும் தொட்டியை ஆக்சிஜன் காட்டும் தொட்டியால் வகுத்தால் வரும் எண். அது 1.036-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 1.00-க்குக் கீழேயோ 1.07-க்கு மேலேயோ போனால், மருந்தைச் சிந்தியிருக்கிறார்கள், மாதிரி ஆவியாகியிருக்கிறது, அல்லது பழைய சிறுநீர் கலந்திருக்கிறது. இரண்டாவது, `kO`-ஐ `kD`-ஆல் வகுத்தால் வருவது. நம் மனிதருக்கு 1.25. வெயிலில் வேலை செய்து லிட்டர் லிட்டராகக் குடித்து வியர்ப்பவருக்கு இது 1.1-ஐ நோக்கி இறங்கும். முதல் வடிகால் அகலமாகிவிட, இரண்டாவது வடிகாலின் பங்கு தெரியாமல் போகிறது. அப்படிப்பட்டவரின் விடையைச் சொல்லும்போது பிழை எல்லையையும் பெரிதாகவே சொல்ல வேண்டும்.

அடிப்படை நகர்வது இன்னொரு பொறி. கடலோர நகரத்தில் அடிப்படை மாதிரி கொடுத்தவர் மறுநாள் மலையூருக்குப் போய் ஒரு வாரம் தங்கினால், அங்கே குடிக்கும் நீரில் கனமான ஐசோடோப்புகள் குறைவு. உடலின் இயற்கை அளவே நகர்ந்துவிடும். ஆனால் நாம் பழைய அளவைத்தான் கழித்துக்கொண்டிருப்போம். இப்படிப்பட்ட பயணங்களில், குறி நீர் குடிக்காத ஒருவரைக் கூடவே அனுப்பி, அவருடைய மாதிரியில் எவ்வளவு நகர்கிறது என்று பார்த்துத் திருத்துகிறார்கள். மருத்துவமனையில் சலைன் ஏற்றினாலும் இதே சிக்கல்தான்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால், மூச்சை நேராக அளக்கும் அறைகளோடு ஒப்பிடும்போது ஒரு குழுவின் சராசரி ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது. தனி ஒருவருக்குப் பிழை இன்னும் கூடுதலாக இருக்கும். அதை மறந்துவிடக் கூடாது. இன்னொரு எல்லையும் உண்டு: கிடைப்பது இரண்டு வாரச் சராசரி மட்டும். செவ்வாய்க்கிழமை எவ்வளவு, ஞாயிறு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு, தூக்கத்துக்கு எவ்வளவு என்று இது பிரித்துச் சொல்லாது. ஓய்வில் படுத்திருக்கும்போது ஆகும் செலவைத் தனியாக அளந்து, நம் மனிதருக்கு அது 1,650 என்று வந்தால், 2,650-ஐ அதால் வகுத்து 1.6 என்ற ‘நடமாட்ட அளவு’ எடுக்கலாம். பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்து, கொஞ்சம் நடக்கும் ஒருவரின் எண் அது.

இது முதலில் காட்டிக் கொடுத்தது: சாப்பாட்டுக் குறிப்பு

நம் மனிதரின் 14 நாள் சாப்பாட்டுக் குறிப்பேட்டில் நாளுக்கு 1,900 கிலோகலோரி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். எடை மாறவில்லை. செலவு 2,650, எடை நிலையாக இருக்கிறது, எனவே சாப்பிட்டதும் ஏறத்தாழ 2,650-தான். குறிப்பேட்டில் 28 சதவீதம் காணோம். ஒருவேளை அரை கிலோ கொழுப்புத் திசு குறைந்திருந்தால், உடல் சேமிப்பிலிருந்து நாளுக்கு 275 கலோரி எடுத்திருக்கும். அப்போதும் சாப்பிட்டது 2,375. குறிப்பேடு அப்போதும் எட்டவில்லை.

1986-இல் கேம்பிரிட்ஜில் ஆண்ட்ரூ ப்ரென்டிஸ் குழு இந்தக் கணக்கை உண்மையான ஆட்களிடம் போட்டது. உடல் பருமன் உள்ள பெண்கள் குறைவாகத்தான் சாப்பிடுகிறோம் என்று சொன்னதால், அவர்களுடைய உடல் ஆற்றலை மிகக் குறைவாகச் செலவழிக்கிறது என்று அதுவரை பலர் நம்பினார்கள். அளந்து பார்த்தால் தலைகீழ். பருமன் உள்ள பெண்களின் செலவு நாளுக்குச் சுமார் 2,440 கிலோகலோரி, மெலிந்தவர்களுக்குச் சுமார் 1,910. மெலிந்தவர்கள் எழுதிய சாப்பாட்டுக் கணக்கு அவர்களுடைய செலவோடு ஒத்துப்போனது. பருமன் உள்ளவர்கள் எழுதியது 1,610 மட்டும், செலவைவிட 800-க்கு மேல் குறைவு.

1992-இல் நியூயார்க்கில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. எத்தனையோ முறை டயட் இருந்தும் எடை குறையவில்லை, நாளுக்கு 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம் என்று சொன்னவர்களைச் சேர்த்தார்கள். குறியிட்ட நீரால் செலவை அளந்து, உடல் கொழுப்பின் மாற்றத்தையும் சேர்த்துச் சாப்பிட்ட அளவைக் கணக்கிட்டார்கள். அவர்கள் சொன்னது சராசரி 1,028. உண்மையில் சாப்பிட்டது 2,081. அவர்களுடைய உடல் செலவழித்தது அவர்களுடைய உடலமைப்புக்கு எதிர்பார்த்த அளவுதான், மந்தமாக எதுவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு ‘பொய் சொன்னார்கள்’ என்று முடிவுகட்டுவது தவறு. அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். சமையல் எண்ணெயைக் கண்ணால் அளக்க முடியாது. நின்றபடி எடுத்து வாயில் போட்ட முறுக்கு நினைவில் நிற்காது. கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் அந்த வாரம் சாப்பாடே மாறும். எழுதிக்கொடுத்த குறிப்பேடு ஆற்றல் அளவீடு அல்ல என்பதுதான் இதன் பொருள். அப்படிப்பட்ட குறிப்பேடுகளை மட்டும் நம்பி ‘இன்ன உணவு இன்ன அளவு’ என்று சொல்லும் ஆய்வுகளை இன்றுவரை நாம் படித்துக்கொண்டிருப்பது எனக்குக் கவலையாக இருக்கிறது.

நாள் முழுக்க நடப்பவர்களின் கணக்கு

தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும் வாழ்பவர்கள். ஹெர்மன் பொன்ட்சர் குழு அவர்களில் 30 பெரியவர்களை இந்த முறையில் அளந்து 2012-இல் வெளியிட்டது. ஆண்கள் நாளுக்குச் சராசரி 11 கிலோமீட்டருக்கு மேல் நடந்தார்கள், பெண்கள் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். செலவு மலைபோல் இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். வந்த விடை: ஆண்களுக்கு நாளுக்கு 2,650 அளவு, பெண்களுக்கு 1,880 அளவு. உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேலை நாட்டவர்களிடமிருந்து பெரிய வித்தியாசம் இல்லை.

நம் 70 கிலோ மனிதருக்கும் அதே 2,650-தான் வந்தது என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹட்சா ஆண்களின் சராசரி எடை சுமார் 51 கிலோ. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். உடல் அளவுக்குத் திருத்தாமல் இரண்டு பேரை ஒப்பிடவே கூடாது.

இதிலிருந்து ‘உடற்பயிற்சியால் பயனில்லை’ என்று சிலர் தாவுகிறார்கள். அளவீடுகள் அவ்வளவு தூரம் சொல்லவில்லை. 2021-இல் 1,754 பேரின் குறியிட்ட நீர்த் தரவை ஆராய்ந்தபோது, நடமாட்டத்துக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் ஆற்றலில் சராசரியாக 72 சதவீதம் நாள் மொத்தக் கணக்கில் வந்து சேர்கிறது என்று தெரிந்தது. மீதி 28 சதவீதத்தை உடல் வேறெங்கோ குறைத்துச் சரிக்கட்டுகிறது. டிரெட்மில் 300 என்று காட்டினால், நாள் முடிவில் சுமார் 216 கூடியிருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம். எங்கே குறைக்கிறது, எல்லோருக்கும் ஒரே மாதிரியா என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் இன்னும் ஓயவில்லை.

வயது

பல நாடுகளின் அளவீடுகளை ஒரே தரவுத் தொகுப்பாகச் சேர்த்து வைக்கும் வேலையைச் சர்வதேச அணுசக்தி முகமை செய்கிறது. அந்தத் தொகுப்பிலிருந்து 29 நாடுகளைச் சேர்ந்த 6,421 பேரின் கணக்கு 2021-இல் வெளிவந்தது. இளையவருக்கு 8 நாள் வயது, மூத்தவருக்கு 95.

உடல் அளவுக்குத் திருத்திப் பார்த்தபோது, பிறந்த குழந்தையின் செலவு பெரியவர்களைப் போலவே இருந்தது. அப்புறம் விறுவிறுவென்று ஏறி, ஒரு வயதில் பெரியவர்களைவிட 50 சதவீதம் அதிகமாகிறது. அங்கிருந்து 20 வயதுவரை மெதுவாக இறங்குகிறது. வயதுக்கு வரும் பருவத்தில் எல்லோரும் எதிர்பார்க்கும் ஏற்றம் அதில் இல்லை. கர்ப்பகாலத்திலும், கூடிய உடல் எடைக்கு ஏற்ற செலவுக்கு மேல் எதுவும் தெரியவில்லை.

20 முதல் 60 வரை கோடு தட்டையாக ஓடுகிறது. முப்பது தாண்டியதும் உடம்பு மந்தமாகிவிட்டது என்று சொல்லாத ஆள் இல்லை. அளவீட்டில் அப்படி ஒரு சரிவே தெரியவில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதிலும் தனியாக ஒரு பள்ளம் இல்லை. சரிவு 60-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது, ஆண்டுக்கு 0.7 சதவீதம் என்ற வேகத்தில். 90 தாண்டியவர்களிடம் அது நடுத்தர வயதினரைவிட ஏறத்தாழ 26 சதவீதம் குறைவாக வந்து நிற்கிறது. தசை குறைந்ததைக் கணக்கில் கழித்த பிறகும் அந்தக் குறைவு மிஞ்சுகிறது. அந்த வயதில் செல்களே மெதுவாகத்தான் வேலை செய்கின்றன.